தொலைந்த கடிதத்திலிருந்து குடும்பக் கதைக்கு: தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவரா நீங்கள்? என்றைக்காவது "நம்ம வீட்டுக் கதையை எழுதிடணும்" என்று நோட்டை எடுத்து வைத்திருப்பீர்கள். முதல் பக்கத்தில், யாருக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்று இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தம், இரண்டாம் பக்கத்தில் கப்பல், மண்டபம் முகாம். மூன்றாம் பக்கம் வரும்போது அது உங்கள் வீட்டுக் கதையாகவே இருக்காது, யார் வீட்டுக்கும் பொருந்துகிற பள்ளிக்கூடக் கட்டுரை ஆகியிருக்கும். நோட்டு பரணுக்குப் போய்விடும்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. வீட்டில் தொலைந்துபோன ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது. நான் அப்படித்தான் என் அம்மாயியின் ஒரு கடிதத்தை வைத்து எழுதி முடித்தேன். அதற்கு என்னென்ன காகிதம் தேவைப்பட்டது, யாரை எப்போது பார்க்க வேண்டியிருந்தது, எங்கே வழுக்கும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தின் வரலாறு வேண்டுமென்றால் அதற்கு நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன, இங்கே அது இல்லை.

1. வேலை செய்த பொருளாகத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் இந்த இடத்தில் ஒரு உருக்கமான பொருளைத் தேடுவார்கள். தாலி, தாத்தாவின் கைத்தடி, பாட்டியின் வெற்றிலைப் பெட்டி. உருக்கம் முக்கியமில்லை. அந்தப் பொருள் வீட்டில் ஏதாவது ஒரு வேலை செய்திருக்க வேண்டும், அது போனபின் அந்த வேலை நின்றிருக்க வேண்டும். அலங்காரமாக இருந்த பொருள் போனால் வருத்தம் மட்டும்தான் மிஞ்சும். வேலை செய்த பொருள் போனால் வீட்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கும், அந்த மாற்றத்தைத்தான் எழுத முடியும்.

என் அம்மாயியின் கடிதத்துக்கு இருந்த வேலை எளிது. அதில் அவருடைய அக்காவின் விலாசம் இருந்தது. ஒப்பந்தத்தின்படி மனுப் போடும்போது அக்கா வீட்டுக்காரர் குடும்பம் இலங்கைக் குடியுரிமை கேட்டது, அம்மாயி வீட்டில் இந்தியக் குடியுரிமை கேட்டார்கள். ஒரே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த இரண்டு பேரில் ஒருவர் மஸ்கெலியா பக்கத்திலேயே இருந்துவிட்டார், ஒருவர் பந்தலூர் பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே கயிறு அந்த விலாசம்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பொருளை யாராவது இன்னமும் தேடுகிறார்களா? எப்போதாவது பெட்டியைக் கிளறும்போது "இங்கதான வச்சேன்" என்கிறவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அதுதான் உங்கள் பொருள்.

2. காணவில்லை என்று புகார் எழுதுங்கள்

கட்டுரையைத் தொடங்காதீர்கள். முதலில் ஒரு வெள்ளைத்தாளில், காவல் நிலையத்தில் கொடுக்கிற மாதிரி ஒரு புகார் எழுதுங்கள். பொருளின் பெயர், நிறம், அளவு, அடையாளம், எங்கே வைத்திருந்தது, கடைசியாக யார் பார்த்தது, எப்போது இல்லை என்று தெரிந்தது. உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட வரக்கூடாது. அதிகம் போனால் ஒரு பக்கம்.

எங்கள் கடிதத்துக்கு நான் எழுதியது இப்படி வந்தது: வெளிர் நீல ஏரோகிராம். தாளும் உறையும் ஒன்றே, மடித்து ஓரத்தில் பசை ஒட்டுகிற வகை. வெளிப்பக்கம் பெறுநர் விலாசம், பின்மடிப்பில் அனுப்புநர் விலாசம். உள்ளே நீல மை. ஒட்டிய ஓரத்தைக் கத்தியால் கிழித்ததில், ஓரம் வரை எழுதியிருந்த கடைசி வரியில் பாதி போய்விட்டது. பிளாஸ்டிக் உறைக்குள், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையோடு சேர்த்து மடித்து, தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

இப்படி எழுதும்போதுதான் ஓட்டைகள் தெரியும். ஓரத்தைக் கிழித்தது யார்? அம்மாயிக்குப் படிக்கத் தெரியாது. அப்படியானால் வேறொருவர் கிழித்திருக்கிறார், வேறொருவர் படித்துக் காட்டியிருக்கிறார். அக்காவுக்கும் எழுதத் தெரியாது, எனவே அந்தப் பக்கமும் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்கா தங்கை இருவர் கடிதத்தில் நான்கு பேர் இருந்திருக்கிறார்கள் என்பது புகார் எழுதும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. புகாரில் பதில் தெரியாத இடங்களை எல்லாம் வட்டம் போட்டு வையுங்கள், நான்காம் படிக்கு அவைதான் கேள்விகள்.

3. சுற்றியிருந்த காகிதங்களைத் திரட்டுங்கள்

பொருள் போய்விட்டது. ஆனால் அதன் பக்கத்தில் இருந்த காகிதங்கள் பெரும்பாலும் இருக்கும். நம் குடும்பங்களில் பொதுவாகத் தேட வேண்டியவை இவை: இந்தியக் கடவுச்சீட்டு, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை, அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்று, இங்கே வந்தபின் தோட்ட வேலைக்கான பி.எஃப். காகிதங்கள், பழைய ரேஷன் அட்டை.

இவற்றில் பிறப்புச் சான்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், காரணம் இருக்கிறது. இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. ஆபீசிலும் தபாலிலும் வழங்குகிற ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று. அம்மாயியிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டால் தமிழ்ப் பெயரைத்தான் சொல்வார், கூடவே தோட்டப் பிரிவையும் லயத்தையும் "கீழ்க்கணக்கு, ஆத்தோரம் லயம்" என்று துல்லியமாகச் சொல்வார். அந்த விலாசத்துக்கு ஒரு கடிதமும் போய்ச் சேராது. தபால் பெயர் இருந்தது கடிதத்தின் பின்மடிப்பில், அதுதான் தொலைந்துவிட்டது. ஆனால் பெரிய மாமாவின் பிறப்புச் சான்றில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் ஆபீஸ் பெயர் இருந்தது. உங்கள் வீட்டிலும் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

அடுத்து, ஈரம். ஜூன் தொடங்கினால் கூடலூர்ப் பக்கத்தில் சுவரே வியர்க்கும். பெட்டிக்குள் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பூஞ்சை படர்ந்திருக்கும். அடுப்பு மேலே காய வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். வெயிலும் வேண்டாம். நிழலில், காற்றோட்டமான இடத்தில், நடுநடுவே வெறும் வெள்ளைத்தாள் வைத்துப் பரப்புங்கள். ஒட்டிக்கொண்ட தாளை நகத்தால் பிரிக்காதீர்கள், மேல்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே விடுங்கள்.

கடைக்காரர் "லேமினேஷன் போட்டுடலாமா" என்று கேட்பார். போடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியாது, உள்ளே இருக்கும் ஈரமும் அங்கேயே தங்கிவிடும். கிழிசலுக்கு செல்லோ டேப்பும் ஆகாது. சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும்.

படம் எடுக்க செல்போன் போதும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்து நேர்மேலிருந்து எடுங்கள். பனிமூட்டமான நாள் இதற்கு மிக நல்லது, நிழலே விழாது. இரண்டு பக்கமும் எடுங்கள். பலரும் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முத்திரையும், கையால் எழுதிய குறிப்புகளும் பின்பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும்.

வீட்டில் குடும்ப அட்டையே இல்லை என்பவர்கள், மறுவாழ்வு தொடர்பான பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் 10 ரூபாய், மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். பதிலுக்கு 30 நாள். நகல் கொடுத்தால் பக்கத்துக்கு 2 ரூபாய். குடும்பத் தலைவர் பெயர், அப்பா பெயர், வந்த வருடம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். "எங்கள் குடும்பம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "அப்படிப்பட்ட பதிவேடு இல்லை" என்று பதில் வந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அலுவலக முத்திரையோடு ஒரு "இல்லை" உங்கள் கையில் இருக்கிறது, கட்டுரையில் அதற்கு இடம் உண்டு.

புரோக்கர் யாராவது "கண்டியிலேர்ந்து டூப்ளிகேட் எடுத்துத் தர்றேன்" என்று வந்தால் காசு கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதப்போவது கட்டுரை. அதற்கு டூப்ளிகேட் தேவையில்லை.

4. பொருளைப் பற்றி மட்டும் கேளுங்கள்

முதலில் நேரம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களை வாரநாளில் பிடிக்க முடியாது, சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டு வீடு வரும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஞாயிறு காலை துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் சரியாக இருக்கும். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். கொழுந்து அதிகம் வருகிற மாதங்களில் ஓவர்டைம் இருக்கும், அப்போது தொந்தரவு செய்ய வேண்டாம். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில் பஸ்ஸும் கரண்டும் நிச்சயமில்லை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் என்றால் அக்டோபர், நவம்பர் மழையைத் தவிருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு பக்கத்துக்கும் நல்ல காலம்.

இனிக் கேள்வி. "அக்காவைப் பிரிஞ்சது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் கிடைக்கும் பதில், "என்னத்தச் சொல்ல, எல்லாம் தலையெழுத்து." அதோடு பேச்சு முடிந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. "அந்தக் கடுதாசி எந்தப் பெட்டியில இருந்துச்சு அம்மாயி?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்டி எங்கே வாங்கியது என்று தொடங்கும், அதில் வேறென்ன இருந்தது என்று போகும், அந்தப் பூட்டுக்குச் சாவி யாரிடம் இருந்தது என்று வரும். நீங்கள் இடையில் புகாமல் இருந்தால் அக்கா தானாக வருவார்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. சாவி பற்றிப் பேசிக்கொண்டிருந்த அம்மாயி, "அக்கா புருசன் மனு எழுதுன அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. பெட்டியில் வேறென்ன இருந்தது என்றுதான் கேட்டேன்.

கடிதம் என்றால் படித்துக் காட்டியவரைக் கட்டாயம் தேடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கடிதம் என்பது காதில் விழுந்த ஒன்று. அம்மாயிக்கு "அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது, நலம், நலம் அறிய ஆவல்" என்பது ராகத்தோடு மனப்பாடம், நடுவில் உள்ளவை நினைவில் இல்லை. படித்துக் காட்டியவர் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த லயத்துப் பையன், இப்போது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்ட அண்ணாச்சி. அவருக்கு நலம் விசாரிப்பெல்லாம் மறந்துவிட்டது, ஒரே ஒரு வரி நினைவிருந்தது: "நாங்க வவுனியாப் பக்கம் போகப் போறோம், போய் விலாசம் எழுதுறோம்." 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வடக்கே போயின, ஆகையால் அந்த வரியை நான் நம்புகிறேன்.

நினைவுகள் முட்டிக்கொள்ளும். அதையும் எதிர்பார்த்து இருங்கள். கடிதத்தோடு அக்காவின் பிள்ளை படம் ஒன்றும் வந்தது என்று அம்மாயி உறுதியாகச் சொல்கிறார். ஏரோகிராமுக்குள் எதையும் வைத்து அனுப்பக்கூடாது, அந்த விதி தாளிலேயே அச்சடித்திருக்கும். ஒன்று, படம் வேறொரு உறைக் கடிதத்தில் வந்திருக்க வேண்டும், அல்லது இந்தக் கடிதம் ஏரோகிராமே இல்லை. அண்ணாச்சி நீலத்தாள்தான் என்கிறார். ஆகவே இரண்டு கடிதங்கள் அம்மாயியின் நினைவில் ஒன்றாகிவிட்டன என்று நினைக்கிறேன். அதற்காக அவரிடம் போய் "நீங்க சொல்றது தப்பு" என்று வாதாடாதீர்கள். இருவர் சொன்னதையும் கட்டுரையில் அப்படியே வையுங்கள், விதியையும் பக்கத்தில் வையுங்கள். வாசகர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

தொலைந்த விதத்துக்கும் எங்கள் வீட்டில் இரண்டு கதை. கூரை ஒழுகி நனைந்துபோனது என்பார் சித்தி. மாமாவுக்குச் சான்றிதழ் வாங்க, குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு ஒரு அலுவலகத்தில் கொடுத்ததாகவும், அட்டை மட்டும் திரும்பி வந்ததாகவும், உறையும் அதற்குள்ளிருந்த கடிதமும் வரவில்லை என்றும் அம்மாயி சொல்கிறார். குடும்ப அட்டையை எடுத்துப் பார்த்தேன். நனைந்த கறை எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த கடிதம் மட்டும் நனைந்திருக்காது. காகிதம் சாட்சி சொல்வது இப்படித்தான், அதனால்தான் மூன்றாம் படியை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

5. "இன்று கிடைத்தால்?" என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். அந்தப் பொருள் இன்று காலை அப்படியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம்: அது கிடைத்ததால் எதெல்லாம் சரியாகும்? வலது பக்கம்: கிடைத்தும் எது சரியாகாது? இடது பக்கத்தில் விழுவது பொருளின் இழப்பு. வலது பக்கத்தில் விழுவதுதான் நீங்கள் எழுத வேண்டிய பெரிய இழப்பு.

எங்கள் கடிதத்துக்கு இடது பக்கம் நிறைய வந்தது. அக்காவின் விலாசம் முழுதாகத் தெரியும், தேதி தெரியும், கிழிந்த வரியில் மிச்சப் பாதி தெரியும். வலது பக்கம்? அண்ணாச்சி சொன்ன வரி உண்மையென்றால், அந்த விலாசத்துக்கு எழுதியிருந்தாலும் அக்கா அங்கே இல்லை. கடிதம் வந்த சமயத்திலேயே அவர்கள் மூட்டை கட்டியிருக்கலாம். அப்படியானால் கயிறு அறுந்தது கடிதம் தொலைந்தபோது இல்லை, கடிதம் வந்தபோதே. புது விலாசம் எழுதி அவர்கள் அடுத்த கடிதம் போட்டிருந்தால்? அதற்குள் அம்மாயி குடும்பம் வேறு டிவிஷனுக்கு மாறியிருந்தது. அந்தக் கடிதம் வந்ததா, வந்து திரும்பியதா என்று யாருக்கும் தெரியாது.

அம்மாயிக்கு அந்த வவுனியா வரி படித்துக் காட்டப்பட்டது, அவர் கேட்டிருக்கிறார். ஆனாலும் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருப்பது பழைய விலாசத்தைத்தான். இதற்கு நான் விளக்கம் எழுதவில்லை. கட்டுரையில் இரண்டு தகவலையும் அடுத்தடுத்து வைத்ததோடு சரி.

இந்தக் கேள்வி எந்தப் பொருளுக்கும் வேலை செய்யும் என்பதற்கு இன்னொன்று. ஊட்டியில் இருக்கும் நண்பரின் அப்பா, இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. நண்பர் எழுத உட்கார்ந்தபோது "அப்பாவின் நேரம் நின்றுவிட்டது" என்று தொடங்கினார். இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். கடிகாரம் கிடைத்தால் சரியாவது ஒன்றுதான், மணி பார்க்கலாம். சரியாகாதது: ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் என்று ஒன்று இனி இல்லை. ஆலை மூடியபின்னும் அப்பா தினமும் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் நண்பருக்கு நினைவு வந்தது. "நேரம் நின்றுவிட்டது" என்ற வரியை அடித்துவிட்டு, காலையில் சாவி கொடுக்கும் கையிலிருந்து தொடங்கினார்.

6. எழுதும் வரிசை

புகாரை முதல் பத்தியாக வையுங்கள், கொஞ்சம் சரிசெய்தால் போதும். அடுத்து அது செய்த வேலை. அதன்பின் தேடியது: எந்தக் காகிதம், யார் என்ன சொன்னார்கள். ஐந்தாம் படியில் வலது பக்கத்தில் எழுதியது கட்டுரையில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டியபின் வரட்டும். அதற்குமுன் பெரிய இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். சீக்கிரம் சொல்லிவிட்டால் பிறகு வருகிற பெட்டியும் சாவியும் வெறும் ஜோடனையாகிவிடும்.

ஒப்பந்தம், குடியுரிமை பற்றிய விவரம் தேவைதான். ஆனால் கதைக்கு எது தேவையோ அது மட்டும், இரண்டு மூன்று வாக்கியத்தில். என் கட்டுரையில் ஒப்பந்தம் வருவது ஒரே இடத்தில்: அக்கா வீட்டுக்காரர் மனு எழுதிய இடத்தில்.

எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. "தொலைந்தது கடிதம் அல்ல, ஒரு வாழ்க்கை" என்ற வகை வரி. எழுதி முடித்ததும் கை தானாக அங்கே போகும். கட்டுரையைத் தேடிப் பாருங்கள், "அல்ல" என்று முடிந்து அடுத்து பெரிய சொல் வருகிற இடமெல்லாம் வெட்டுங்கள். வெட்டியபின் கட்டுரை நிற்கவில்லை என்றால் மூன்றாம், நான்காம் படியில் விவரம் போதவில்லை என்று அர்த்தம், திரும்பிப் போங்கள். பொருளைப் பேச வைப்பது, "நான்தான் அந்தக் கடிதம்" என்று தன் கதை சொல்ல வைப்பது, இதெல்லாம் ஆறாம் வகுப்போடு போகட்டும்.

பேச்சை எழுதும்போது வீட்டில் பேசுகிறபடியே எழுதுங்கள். அம்மாயி "கடுதாசி" என்றால் அது "மடல்" ஆகக்கூடாது.

7. வெளியிடும் முன்

வீட்டில் படித்துக் காட்டுங்கள், தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், நடுவில் நிறுத்திப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் சித்தி, கூரை ஒழுகிய கதையை நான் ஏற்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். கறை இல்லாத அட்டையைக் காட்டினேன், "அட்டைய நான்தான் முதல்ல எடுத்தேன்" என்றார். அதையும் சேர்த்துக்கொண்டேன். யாராவது ஒரு பகுதியை எடுத்துவிடச் சொன்னால், பெரும்பாலும் அது குடியுரிமை, சாதிச் சான்று, கடன் சம்பந்தப்பட்டதாக இருக்கும். எடுத்துவிடுங்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கும், உங்கள் கட்டுரைக்கு அதனால் சேதம் வராது.

படங்களை வெளியிடுவதாக இருந்தால் கடவுச்சீட்டு எண், அட்டை எண், கையெழுத்து, கைரேகை ஆகியவற்றை மறையுங்கள். செல்போனில் கறுப்பு மார்க்கரால் தீட்டினால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது சில சமயம் அடியில் இருப்பது தெரியும். கட்டம் வெட்டிவிடுவது நல்லது. அந்தப் பக்கம் உயிரோடு இருக்கக்கூடிய உறவினர் பெயரையும் தோட்டப் பெயரையும் மாற்றுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

மொத்தச் செலவு பெரிதில்லை. ஜெராக்ஸ், பஸ் கட்டணம், தகவல் மனு, போகிற வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். நேரம்தான் பிடிக்கும். ஒரு மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் முடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் திரட்டுவது இழுத்துக்கொண்டே போனால், வயதானவர்களைப் பார்க்கிற வேலையை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள், மிச்சக் காகிதத்தைப் பிறகும் பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்தபின் அசல் காகிதங்களை மறுபடி பழைய பெட்டியிலேயே புடவைக்கு அடியில் வைக்காதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடி போட்ட டப்பாவில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு வருடமும் மழை தொடங்குமுன், மே மாதக் கடைசியில், பாக்கெட்டை மாற்றுங்கள்.